உத்தரவாதக் காலத்தில் ஃபிரிட்ஜ் பழுது, வராத மெக்கானிக், மாற்றுப் பெட்டி கேட்டுக் கடிதம்: மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

செம்பூரில் குடியிருக்கிறோம். பிப்ரவரியில் வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் மே மாதத் தொடக்கத்திலேயே குளிர்விப்பதை நிறுத்திவிட்டது. மெக்கானிக் இன்று வருவார், நாளை வருவார் என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. புது ஃபிரிட்ஜ் கொடு என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எதைக் காரணமாகக் காட்டிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும்.

வாரண்டி அட்டையைப் படித்துப் பாருங்கள். பழுது பார்ப்பதா, பாகத்தை மாற்றுவதா, பெட்டியையே மாற்றுவதா என்பது நிறுவனத்தின் முடிவு என்று பொடி எழுத்தில் இருக்கும். மூன்று முறை பழுதானால் புதுப் பெட்டி என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. சில நிறுவனங்கள் உள்ளுக்குள் அப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கலாம், அதை நீங்கள் சட்டமாகக் காட்ட முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இரண்டு விஷயங்களைத் தனித்தனியே பார்க்கிறது. ஒன்று பொருளில் உள்ள குறை. மற்றது சேவையில் உள்ள குறைபாடு. பெரும்பாலானவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு, “உற்பத்தியிலேயே கோளாறு” என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வழக்கு என்று போனால் நுகர்வோர் ஆணையம் பெட்டியைச் சோதனைக் கூடத்துக்கோ நிபுணருக்கோ அனுப்பும், மாதங்கள் போகும். இரண்டாவதை நிரூபிக்க நிபுணர் வேண்டாம். இன்ன தேதியில் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை, அவ்வளவுதான். வராத மெக்கானிக்தான் உங்களுடைய மிக வலுவான சாட்சி. கடிதத்தின் முதுகெலும்பு அதுவாக இருக்கட்டும்.

ஃபிரிட்ஜில் என்ன பழுது என்றே எனக்குத் தெரியாது. தெரியாமல் எப்படி எழுதுவது?

முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடியவை சில உண்டு, அவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபிரீசரில் ஐஸ் கட்டுகிறது, கீழ்ப்பகுதி மட்டும் சூடாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் பனியை உருக்கும் ஏற்பாடு வேலை செய்யவில்லை. ஃபிரீசரின் பின்பலகைக்கு உள்ளே பனி மூடிக்கொண்டு, குளிர்காற்று கீழே இறங்கும் வழியை அடைத்துவிடுகிறது. ஹீட்டர், சென்சார், மின்விசிறி இவற்றில் ஒன்று போயிருக்கும். இது எளிதில் சரிசெய்யக்கூடிய பழுது. இதற்குப் புதுப் பெட்டி கேட்டால் நியாயமாக எடுபடாது, மெக்கானிக் வந்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

மேலும் கீழும் இரண்டுமே சூடாக இருந்து, கம்பிரசர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் கேஸ் போயிருக்கலாம். பெட்டியின் பக்கச் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். சாதாரணமாக அவை லேசாகச் சூடாக இருக்கும், வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. கம்பிரசர் நெடுநேரம் ஓடியும் அந்தச் சுவர் குளிர்ந்தே கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது.

கசிவு எங்கே என்பது முக்கியம். ஃபிரீசர் பலகைக்குப் பின்னால் உள்ள காயிலில் என்றால் மாற்றிவிடலாம். பக்கச் சுவருக்குள், நுரைக் காப்புக்கு நடுவில் புதைந்த குழாயில் என்றால் அதைத் திறந்து பற்றவைக்க வழியில்லை. அப்போது மெக்கானிக்குகள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: உள்ளே உள்ள குழாயை விட்டுவிட்டு, வெளியே முதுகில் தனியாக ஒரு கண்டன்சரை மாட்டித் தருகிறோம் என்று. எட்டு வருடப் பழைய பெட்டிக்கு அது சரியான வைத்தியம். மூன்று மாதப் பெட்டிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். “உள் கசிவு” என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிவிட்டால் மாற்றுப் பெட்டி கேட்பதற்கு அதைவிட நல்ல தாள் வேறு இல்லை.

இன்னொன்று: ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டுக் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் படம் எடுங்கள். நன்றாக ஓடும் பெட்டியில் ஏறக்குறைய 3 முதல் 5 டிகிரி இருக்கும். 19 டிகிரி காட்டும் படம் ஒன்று, “சரியாகக் குளிர்விப்பதில்லை” என்று எழுதும் பத்து வரிகளைவிட மேல். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் மாடல், சீரியல் எண் ஸ்டிக்கரையும் படம் எடுத்து வையுங்கள்.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல வேண்டாம். வாரண்டி செல்லாது என்று சொல்ல நிறுவனத்துக்கு நீங்களே காரணம் தந்தவராவீர்கள். தவிர, இப்போதைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்பது தீப்பற்றக்கூடிய வாயு.

நாள் முழுவதும் வீட்டில்தான் இருந்தோம். மாலையில் “வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, வருகை தள்ளிவைக்கப்பட்டது” என்று எஸ்எம்எஸ் வருகிறது. இந்தப் பொய்யை எப்படி உடைப்பது?

மும்பையில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் பார்வையாளர் பதிவேடு. சில சொசைட்டிகளில் நோட்டு, சிலவற்றில் செயலி. வெளியாள் யார் வந்தாலும் பெயர், நேரம், எந்த வீடு என்று பதிந்துதான் உள்ளே விடுகிறார்கள். மெக்கானிக் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார் என்றால் அந்தப் பக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

சொசைட்டி செயலாளரிடம் இரண்டு வரியில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். இன்னின்ன தேதிகளில் உங்கள் வீட்டுக்கு இந்த நிறுவனத்தின் ஆள் யாரும் வந்ததாகப் பதிவு இல்லை என்று சொசைட்டி முத்திரையுடன் ஒரு சீட்டு கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். செயலியாக இருந்தால் அன்றன்றைய பார்வையாளர் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சில நாட்களில் பழைய பதிவுகள் மறைந்துபோகலாம்.

கேட்டும் பதிவேடும் இல்லாத சால் வீட்டிலோ தாராவியின் சந்திலோ இருப்பவர்கள் என்ன செய்வது? சொன்ன நேரம் முடிந்த உடனேயே நீங்கள் முந்திக்கொண்டு எழுத வேண்டும். 10 முதல் 2 மணிக்குள் என்று சொல்லியிருந்தால், 2.05க்கு நிறுவனத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ, “வீட்டிலேயே இருக்கிறேன், யாரும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை” என்று புகார் எண்ணோடு அனுப்புங்கள். அவர்கள் மாலையில் அனுப்பும் “வீட்டில் இல்லை” செய்திக்கு முன்னாலேயே உங்கள் செய்தி நேர முத்திரையுடன் அங்கே நிற்கும். மறுநாள் எழுதினால் அது வெறும் மறுப்பாகிவிடும்.

தொலைபேசியில் கஸ்டமர் கேரிடம் கத்துவது மனத்துக்கு ஆறுதல் தரலாம், தாளில் எதுவும் மிஞ்சாது. பேசி முடித்ததும் அதே விஷயத்தை மின்னஞ்சலில் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்.

மெக்கானிக் போனிலேயே ஓடிபி கேட்கிறார். “நாளைக்குக் கட்டாயம் வருகிறேன் அண்ணா, இன்று நம்பரைச் சொல்லுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. அந்த ஓடிபி புகாரை முடித்துவைப்பதற்கானது. நீங்கள் அதைச் சொன்ன நொடியில், வேலை நடந்து நீங்கள் திருப்தி அடைந்ததாக அவர்கள் கணக்கில் ஏறும். பாவம், அவருக்கும் இத்தனை மணிக்குள் இத்தனை புகார் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும். அதற்கு உங்கள் ஃபிரிட்ஜ் விலை அல்ல. வந்து, வேலை செய்து, பெட்டி குளிர்ந்த பிறகு கொடுங்கள்.

யாருமே வராமல் “உங்கள் புகார் வெற்றிகரமாக முடிந்தது” என்று செய்தி வந்தது. மறுபடி அழைத்தால் புதுப் புகார் எண் தருகிறார்கள். பரவாயில்லையா?

எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சும்மா விடாதீர்கள். புது எண் என்றால் நிறுவனத்தின் கணினியில் உங்கள் கதை அன்றுதான் தொடங்குகிறது. பிறகு ஆணையத்தில், “மே 12இல்தான் புகார் வந்தது, ஒரு வாரத்தில் கவனித்தோம்” என்று பதில் போடுவார்கள். அன்றே ஒரு மின்னஞ்சல்: “மே 2இல் பதிந்த புகாரை வேலை செய்யாமலே மூடிவிட்டீர்கள்; புது எண் அதே பழுதின் தொடர்ச்சி.” பழைய எண், புது எண் இரண்டையும் எழுதுங்கள். இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பிற்பாடு பெரிய வித்தியாசம்.

கடைக்காரர் “நாங்கள் விற்றதோடு சரி, கம்பெனியைப் பாருங்கள்” என்கிறார். கடிதம் யாருக்கு?

இருவருக்கும். பணம் வாங்கி பில் கொடுத்தவர் கடைக்காரர், வாரண்டி கொடுத்தது நிறுவனம். ஒருவரை விட்டுவிட்டால் அவர் மேல் மற்றவர் பழி போடுவார். சர்வீஸ் சென்டருக்கு மட்டும் எழுதுவது வீண். பெரும்பாலும் அது ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் தனி ஆள். வாரண்டி அட்டையில் நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரி இருக்கும், அதற்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் கடிதம் சேர்ந்ததைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள். அதே கடிதம் மின்னஞ்சலிலும் போகட்டும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரு பிரதி: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கடிதத்தையே எழுதிக் காட்டுங்களேன்.

முதல் கேள்வி கேட்ட செம்பூர் வாசகரின் விவரங்களை வைத்தே எழுதுகிறேன். அனுப்பும்போது ஆங்கிலத்திலோ மராத்தியிலோ அனுப்புங்கள், படிப்பவர் அந்த அலுவலகத்தில் இருப்பவர். வரிசை மட்டும் இதுவாக இருக்கட்டும்.

> செம்பூர், மும்பை
> 21 மே 2025
>
> பெறுநர்: (1) உற்பத்தி நிறுவனம், பதிவு அலுவலகம். (2) விற்பனை செய்த கடை.
>
> பொருள்: வாரண்டிக் காலத்தில் பழுதான குளிர்சாதனப் பெட்டியை மாற்றித் தருதல். மாடல் எண், சீரியல் எண், பில் எண், புகார் எண்கள் இரண்டும்.
>
> ஐயா,
>
> 14 பிப்ரவரி 2025 அன்று 260 லிட்டர் இரட்டைக் கதவு குளிர்சாதனப் பெட்டியை உங்கள் கடையில் ரூ. 28,990 செலுத்தி வாங்கினேன். அதற்கு ஓராண்டு முழு வாரண்டி உள்ளது.
>
> மே 2 அன்று இரு பகுதிகளும் குளிர்விப்பதை நிறுத்தின. அன்றே புகார் பதிந்தேன். அதன் பிறகு நடந்தவை:
>
> மே 5: காலை 10 முதல் 2 மணிக்குள் வருவதாகச் செய்தி. யாரும் வரவில்லை. மாலையில் “வாடிக்கையாளர் வீட்டில் இல்லை” என்று செய்தி வந்தது.
> மே 7: மெக்கானிக் வந்தார். கேஸ் கசிந்துவிட்டது, பாகம் வர வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார். ஜாப் ஷீட் தரவில்லை.
> மே 10: வருவதாகச் சொன்ன நாள். யாரும் வரவில்லை. வேலை முடிந்ததாகக் கூறிப் புகார் மூடப்பட்டது.
> மே 12: அதே பழுதுக்கு மீண்டும் புகார். புது எண் தரப்பட்டது.
> மே 15, மே 19: வருவதாகச் சொன்ன நாட்கள். யாரும் வரவில்லை.
>
> மே 5, 10, 15, 19 ஆகிய நான்கு நாட்களிலும் உங்கள் ஆள் யாரும் எங்கள் குடியிருப்புக்கு வரவில்லை என்று சொசைட்டி அளித்த சான்று இணைக்கப்பட்டுள்ளது. மே 20 காலை பெட்டியின் உள்வெப்பம் 19 டிகிரி இருந்ததைக் காட்டும் படமும் இணைப்பில் உள்ளது.
>
> பழுதைச் சரிசெய்ய உங்களுக்குப் போதிய வாய்ப்பும் காலமும் தந்துள்ளேன். வாரண்டியில் உறுதி கூறிய சேவையை அளிக்கத் தவறியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாடு. ஆகவே பழுதுபார்ப்பை இனி ஏற்க இயலாது. இதே மாடலில், அல்லது அதற்கு இணையான மாடலில், புதிய பெட்டி ஒன்றை எனக்குக் கூடுதல் செலவின்றித் தர வேண்டும். இயலாவிட்டால் ரூ. 28,990ஐத் திருப்பித் தர வேண்டும். பெட்டியில் இருந்து கெட்டுப்போன இன்சுலின் மருந்துக்கான ரூ. 1,860ஐயும் (பில் இணைப்பு) தர வேண்டும்.
>
> இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இவ்வளவு சாதுவாகவா? என் தாயார் தினமும் இட்லி மாவைக் கொட்டிக்கொண்டிருக்கிறார், நான் ஐந்து லட்சம் மன உளைச்சல் நஷ்டஈடு கேட்கலாம் என்றிருந்தேன்.

மே மாத மும்பையில் ஃபிரிட்ஜ் இல்லாத மாவு மாலைக்குள் பொங்கி வழியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறவர் இருவர். முதலில், மாற்றுப் பெட்டிக்கு ஒப்புதல் தரும் அதிகாரமுள்ள ஓர் அதிகாரி. அவருக்குத் தன் மேலதிகாரியிடம் காட்ட தேதிகளும் சான்றும் வேண்டும். ஐந்து லட்சம் என்று பார்த்தால் அவர் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிட்டு வேறு கோப்பை எடுப்பார். அடுத்து, ஒருவேளை ஆணைய உறுப்பினர். திட்டு வார்த்தை எதுவும் இல்லாமல் தேதி மட்டும் பேசும் கடிதம் அவரிடம் உங்களைப் பொறுமைசாலியாகக் காட்டும். மன உளைச்சலுக்கான தொகையை ஆணைய மனுவில் கேட்டுக்கொள்ளலாம்.

“போதிய வாய்ப்பு தந்துள்ளேன்” என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதிர்த்தரப்பின் வழக்கமான பதில், எங்களைப் பழுதுபார்க்கவே விடவில்லை என்பதுதான். அதற்காகவே, கடிதம் அனுப்பிய பிறகும் மெக்கானிக் வந்தால் வாசலில் நின்று விரட்டாதீர்கள். பார்க்கட்டும், என்ன பழுது என்று ஜாப் ஷீட்டில் எழுதித் தரட்டும். வேலை தொடங்குமுன், மாற்றுப் பெட்டிக் கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதே தாளில் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்.

15 நாள் கழிந்தும் பதில் இல்லை. அடுத்து?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அது சிறியதாகத் தோன்றினாலும், பல நிறுவனங்களில் அந்தப் புகார்களைப் பார்க்கவே தனி ஆட்கள் இருப்பதால், சர்வீஸ் சென்டரில் தூங்கிய விஷயம் அங்கே விழித்துக்கொள்வதுண்டு.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. செம்பூர், காட்கோபர், முலுண்ட் எல்லாம் புறநகர் மாவட்டம், அதன் ஆணையம் பாந்த்ரா கிழக்கில் இருக்கிறது. மாட்டுங்கா, சயான், தாராவி மும்பை நகர மாவட்டத்தில் சேரும். e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே மனு பதியலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதிகம் இழுக்கும். கடிதத்திலேயே முடிந்தால் நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்த இழுபறியிலேயே ஓராண்டு வாரண்டி முடிந்துவிட்டால்? பெட்டி மேல் “10 ஆண்டு” என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே?

பழுதைப் புகாராகப் பதிந்த நாள்தான் கணக்கு. அது வாரண்டிக்குள் இருந்தால், அவர்கள் தாமதித்ததற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. வழக்குத் தொடுக்க, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

அந்த 10 ஆண்டு பெரும்பாலும் கம்பிரசருக்கு மட்டும். முதல் ஆண்டு கடந்தால் கேஸ் நிரப்புவது, கூலி, மற்ற பாகங்கள் எல்லாம் உங்கள் செலவு என்று அட்டையில் இருக்கும்.

மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் “தேய்மானம்” என்று 10 சதவீதம் பிடிப்போம், பழைய பெட்டியை இன்று எடுத்துக்கொள்கிறோம், புதுசு பிறகு வரும் என்கிறார்கள். சரியா?

மூன்று மாதத்தில் மூன்று வாரம் ஓடாமல் கிடந்த பெட்டிக்கு என்ன தேய்மானம்? பிடித்தம் செய்வதற்கான விதி வாரண்டி அட்டையில் எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, கேட்டவுடன் பேச்சு மாறும்.

பழைய பெட்டியைப் புதியது வந்து இறங்கும் நாளில், அதே வண்டியில் அனுப்புவதே பாதுகாப்பு. முன்பே எடுத்தாக வேண்டும் என்று அடம் பிடித்தால், சீரியல் எண், எடுக்கும் காரணம், புதியது தரும் தேதி மூன்றும் உள்ள ரசீது வாங்காமல் கதவைத் திறக்காதீர்கள். அந்தப் பெட்டிதான் உங்கள் சாட்சிப் பொருள்.

புதுப் பெட்டிக்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்பதையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். பல நிறுவனங்கள் பழைய பெட்டியில் மீதமிருந்த மாதங்களை மட்டும் தருகின்றன. “முழுத் தீர்வு கிடைத்தது, இனிக் கோரிக்கை இல்லை” என்ற தாளில், புதுப் பெட்டி ஓர் இரவு ஓடி, அதே டம்ளர் தண்ணீரில் வெப்பமானி 5 டிகிரிக்குக் கீழே காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள். இன்சுலின் பணம் இன்னும் வரவில்லை என்றால் அதையும் அந்தத் தாளிலேயே குறிப்பிடுங்கள்.